சலூனுக்கு என்ன பெயர்? முதல் சொல்லும் இரண்டாம் சொல்லும்

கடைக்குப் பெயர் வைக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் முதல் சொல்லுக்கே பத்து நாள் செலவிடுகிறார்கள். 'ராஜா'வா, 'குளோ'வா, 'எழில்' என்று தமிழில் போகலாமா என்று வீட்டில் பேச்சு ஓடும். அதற்குப் பின்னால் வருவது சலூனா, பார்லரா, ஸ்டூடியோவா, அழகு நிலையமா என்பதைப் போர்டு செய்பவர் கேட்கும்போது நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். முடிவெட்டும் கடைக்கும் பியூட்டி பார்லருக்கும் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். முதல் சொல் கடையை நினைவில் வைக்க உதவும். ஆனால் வாசலில் நிற்கும் அறுபது வயதுக்காரர் உள்ளே வரலாமா, அடுத்த கடைக்குப் போகலாமா என்று முடிவெடுப்பது இரண்டாம் சொல்லைப் பார்த்துத்தான்.

ஒரு கடையை வைத்தே பார்ப்போம். பொள்ளாச்சி அளவிலான ஊர், பேருந்து ஓடும் தெரு, 10 அடி முகப்பு, மூன்று நாற்காலி. வர வேண்டியவர்கள் மூன்று வகை. பக்கவாட்டில் மெலிதாக இறக்கி வெட்டச் சொல்லும் பிளஸ் டூ பையன், மாதம் ஒருமுறை டை அடிக்கும் அவன் அப்பா, வாரம் இரண்டு முறை ஷேவிங்குக்கு மட்டும் வரும் தாத்தா. பையனுக்குப் பெயர் பழசாக இருக்கக் கூடாது. தாத்தாவுக்கு அதைப் பார்த்துப் பயம் வரக் கூடாது. பியூட்டி பார்லர் என்றால் புருவம் திருத்த வரும் கல்லூரிப் பெண், ஃபேஷியலுக்கு வரும் அம்மா, நரைக்கு மருதாணி போட வரும் பாட்டி என்று இதே மூவர்தான்.

இரண்டாம் சொல்லை முதலில் முடிவு செய்யுங்கள்

வயதானவர்களுக்குப் புதுப் பெயரைக் கண்டால் வரும் தயக்கம் பெரும்பாலும் விலையைப் பற்றியது. மொழி தெரியாதது அதற்கு அடுத்த காரணம்தான். 'ஸ்டூடியோ', 'லவுஞ்ச்' என்று பார்த்ததும் ஏசி, சோபா, காபி எல்லாம் மனதில் வந்துவிடும். வெறும் ஷேவிங்குக்குப் போனால் மதிப்பார்களா என்ற எண்ணமும் கூடவே வரும். 'எவ்வளவு?' என்று கேட்டுவிட்டுத் திரும்பி நடப்பது கூச்சமான காரியம் என்பதால் பலர் படியே ஏற மாட்டார்கள். கடைக்காரர் சாதாரண விலைதான் வைத்திருப்பார், ஆனால் பெயர் வேறு விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

'சலூன்' என்ற சொல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மூன்று தலைமுறையாகப் புழங்கி அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. ஊர்ப்புறத்துத் திண்ணைக் கடைக்கும் அதே பெயர்தான், சென்னையில் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கும் அதே பெயர்தான். பையனுக்கும் அது பழசாகத் தெரியாது, ஏனென்றால் பெரிய சங்கிலிக் கடைகளும் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கின்றன. இத்தனை வயதையும் ஒன்றாகத் தாங்கும் சொல் இந்தத் தொழிலில் வேறு இல்லை. ஆண்களுக்கு மட்டுமான கடையோ குடும்பத்துக்கான கடையோ, தயங்காமல் 'சலூன்' போடலாம்.

'முடிதிருத்தகம்' மரியாதையான சொல். தமிழ்நாட்டில் இந்தத் தொழிலாளர்களுக்கான நல வாரியத்தின் பெயரிலும் 'முடி திருத்துவோர்' என்றுதான் இருக்கிறது. சாதியைச் சுட்டும் பழைய சொற்களுக்குப் பதிலாக வந்த சொல் அது, அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். குறை ஒன்றுதான். முடியைத் தவிர ஃபேஷியல், டை போன்ற வேலைகளை அது சொல்வதில்லை. அரசு அலுவலகக் கட்டடத்தில் இருக்கும் கடை என்ற நினைப்பும் இளைஞர்களுக்கு வரும். முதல் சொல் இளமையாக இருந்தால் இது சரியாகிவிடும்.

பெண்களுக்கான கடையில் 'பியூட்டி பார்லர்', 'அழகு நிலையம்' இரண்டுமே எல்லோருக்கும் தெரிந்தவை. பேச்சில் எல்லோரும் 'பார்லர் போயிட்டு வரேன்' என்றுதான் சொல்கிறார்கள், யாரும் 'அழகு நிலையம் போயிட்டு வரேன்' என்பதில்லை. ஆகவே வாயில் வரும் பெயருக்குப் பார்லர். போர்டில் தமிழ் வரிக்கு அழகு நிலையம் நன்றாக நிற்கும். 'பிரைடல் ஸ்டூடியோ' என்று போட நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கல்யாண மேக்கப் பெரிய வருமானம்தான், ஆனால் அந்தப் பெயர் வைத்த கடையில் புருவம் திருத்துவார்களா என்று கேட்கவே யாரும் வர மாட்டார்கள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் வாடகை கொடுப்பது அந்தப் புருவ வேலைதான்.

மூன்று சொற்களைத் தவிர்ப்பது நல்லது. முதலாவது 'யூனிசெக்ஸ்'. ஆங்கிலத்தில் பொருள் சாதாரணமானதுதான். தமிழ் எழுத்தில் அதைப் பெரிதாக எழுதி மாட்டினால் அந்தச் சொல்லின் பின்பாதிதான் முதலில் கண்ணில் படும். மகளைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாவுக்கு அது சங்கடம். அதே பொருளை 'ஃபேமிலி சலூன்' சங்கடமில்லாமல் சொல்லிவிடும். இரண்டாவது 'ஸ்பா'. மசாஜ் நிலையங்களில் போலீஸ் சோதனை என்ற செய்தி அடிக்கடி வருவதால், சிறிய ஊர்களில் அந்தச் சொல்லைக் கண்டாலே குடும்பங்கள் ஒதுங்குகின்றன. ஹேர் ஸ்பா செய்தால் அதை உள்ளே விலைப் பட்டியலில் எழுதிக்கொள்ளலாம், கடையின் பெயரில் வேண்டாம். மூன்றாவது 'கிளினிக்'. 'ஸ்கின் கிளினிக்', 'ஹேர் கிளினிக்' என்றால் உள்ளே டாக்டர் இருக்கிறார் என்று பொருள். டாக்டர் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் வாடிக்கையாளரும் ஏமாறுவார், கேள்வி கேட்க அதிகாரியும் வருவார்.

முதல் சொல்: ஆள் பெயரா, ஆங்கிலமா, தமிழா?

ஆள் பெயர்தான் மிகப் பழைய வழி. ராஜா சலூன், சாந்தி பியூட்டி பார்லர். இதன் பலம் நம்பிக்கை. யார் கை வைக்கிறார்கள் என்று தெரிவது இந்தத் தொழிலில் பெரிய விஷயம், கழுத்தில் கத்தி படும் வேலை இது. பலவீனமும் அதிலேயே இருக்கிறது. 'ராஜா அண்ணன் இல்லையா? அப்போ சாயங்காலம் வரேன்' என்று திரும்பிப் போவார்கள். மற்ற இரண்டு நாற்காலியும் காலியாகவே கிடக்கும். ஒருவரே உட்கார்ந்து செய்யும் கடைக்கு ஆள் பெயர் பொருத்தம். இரண்டு பேருக்கு மேல் வேலைக்கு வைக்கப் போகிறவர்களுக்கும், பத்து வருடத்தில் கடையைக் கைமாற்றிக் கொடுக்க நினைப்பவர்களுக்கும் அது சுமையாகிவிடும். பெயருக்கும் வயது உண்டு என்பதை மறக்கக் கூடாது. 'சரோஜா பார்லர்' என்றால் உரிமையாளருக்கு என்ன வயது என்று போர்டே சொல்லிவிடும்.

சட்டப்படி ஆள் பெயர் பாதுகாப்பானது, ஆனால் அது உங்களுக்கு மட்டும் சொந்தமாகாது. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, ஒருவர் நேர்மையாகத் தன் சொந்தப் பெயரில் தொழில் செய்வதைத் தடுக்க விடாது. அதே பிரிவு அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு ராஜாவுக்கும் பொருந்தும். ஊருக்கு ஊர் 'நியூ ராஜா', 'ஒரிஜினல் ராஜா' முளைப்பது இப்படித்தான்.

ஆங்கிலச் சொல் வைப்பவர்கள் அதை ஆங்கில எழுத்திலேயே கற்பனை செய்துகொள்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டில் போர்டு தமிழில்தான் முதலில் நிற்கும், எனவே தமிழில் எழுதிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். தமிழில் க, ட, ப ஆகியவற்றின் வெவ்வேறு ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து கிடையாது. அது நம் எழுத்தின் இயல்பு, ஆங்கிலப் பெயர்கள் அங்கேதான் இடறும். முடியைப் படிப்படியாக இறக்கி வெட்டும் பாணிக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரைத் தமிழில் எழுதினால் 'ஃபேட்' என்று வரும். கொழுப்பு என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லையும் நாம் அப்படியேதான் எழுதுகிறோம். போர்டு செய்பவர் ஆய்த எழுத்தை விட்டுவிட்டால் 'பேட் ஸ்டூடியோ'. அதை மட்டை என்றும் படிக்கலாம், மோசம் என்றும் படிக்கலாம். பளபளப்பைச் சொல்லும் 'கிளாஸ்' என்ற பெயர் போர்டில் வகுப்பறையாகவும் தண்ணீர் டம்ளராகவும் தெரியும், சிலர் டியூஷன் சென்டர் என்றே நினைப்பார்கள். சுருள்முடியைக் குறிக்கும் 'கர்ல்ஸ்' காதில் 'கேர்ள்ஸ்' என்று விழும், ஆண்கள் உள்ளே வரத் தயங்குவார்கள். 'குளோ' என்பதைக் 'க்ளோ', 'கிளோ' என்று மூன்று விதமாக எழுதுவார்கள், மூன்றுமே பார்க்க வேற்றுச் சொல்லாக இருக்கும்.

எல்லா ஆங்கிலச் சொல்லும் இப்படி இல்லை. 'ஸ்டைல்', 'டிரிம்', 'ஸ்மார்ட்' ஆகிய மூன்றும் தமிழ் எழுத்தில் வேறொன்றாகப் படிக்கப்படாது, தாத்தாவுக்கும் தெரியும். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதாலேயே ஊரில் நான்கு கடைக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருக்கும். அதோடு, எந்த ஆங்கிலப் பெயர் இன்று புதுசாகத் தெரிகிறதோ அதுதான் சீக்கிரம் பழசாகும். 'மாடர்ன்' என்று பெயர் வைத்த பழைய சலூன்கள் இன்றும் எத்தனையோ ஊரில் இருக்கின்றன, அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றைய பையனுக்குத் தன் தாத்தா காலம்தான் நினைவுக்கு வரும்.

தமிழ்ச் சொல் வைப்பதுதான் எங்கள் தேர்வு, ஆனால் தேடிப் பிடித்துச் சோதித்த பிறகு. நம் தொழிலிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1952-இல் டாடா குழுமத்தில் தொடங்கிய 'லக்மே' என்ற அழகுப்பொருள் நிறுவனத்தின் பெயர், லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம்தான். நம் வீட்டுப் பெயர் ஒன்று, கேட்கிற விதம் மாறியதும் எழுபது வருடத்துக்கு மேல் புதுசாகவே இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் கடைப்பெயராக யாரும் கேட்டிராத ஒரு சொல்லைத்தான் நாமும் தேட வேண்டும்.

முதலில் தோன்றும் தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் தேறாது. 'சீப்பு' அழகான சின்னச் சொல். போனில் சொன்னால் 'சீப்'பான கடை என்று கேட்கும், பழக்கடைக்காரருக்கு வாழைப்பழம் நினைவுக்கு வரும். 'கத்தரி' காய்கறியோடும் கோடை வெயிலோடும் போகும். 'கண்ணாடி' என்றால் மூக்குக்கண்ணாடிக் கடையா என்பார்கள். 'ஒப்பனை' இலக்கியத்தில் நல்ல சொல்தான், ஆனால் ஓட்டல்களில் 'ஒப்பனை அறை' என்று கழிப்பறைக் கதவில் எழுதி எழுதி அந்தச் சொல்லின் வாசனையை மாற்றிவிட்டார்கள். 'கூந்தல்' பெண்ணுக்கு மட்டும், 'மீசை' ஆணுக்கு மட்டும்.

'வகிடு' என்ற சொல்லைப் பாருங்கள். தலை சீவத் தொடங்கிய நாள் முதல் எல்லோர் காதிலும் விழுந்த சொல். அம்மா மகளுக்கு நேர் வகிடு எடுப்பாள், பையன் பக்க வகிடா நடு வகிடா என்று கண்ணாடி முன் நிற்பான், தாத்தாவுக்கு ஐம்பது வருடமாக ஒரே வகிடு. ஆண், பெண், குழந்தை மூவருக்கும் பொது. தொழிலை நேராகச் சொல்லாமல் பக்கத்தில் நின்று சொல்கிறது. மூன்றே எழுத்து, புள்ளி இல்லை, கிரந்த எழுத்தும் இல்லை. 'வகிடு சலூன்' என்று சேர்த்துச் சொன்னால் பையனுக்குப் புதுசு, தாத்தாவுக்குத் தெரிந்தது. குறையும் உண்டு. பல ஊர்களில் பேச்சில் 'வகுடு' என்பார்கள், ஆங்கில எழுத்தில் `vagidu`, `vakidu`, `vagudu` என்று மூன்று விதமாக எழுதுவார்கள். அதற்கு வழி இருக்கிறது, கீழே வருகிறது.

பெண்கள் பார்லருக்கு 'பொலிவு' இதே தரத்தில் நிற்கும். 'முகப்பொலிவு' என்று வாரப் பத்திரிகைகளின் அழகுக் குறிப்புப் பக்கங்கள் எத்தனையோ வருடமாக எழுதிவரும் சொல், எந்த வயதுப் பெண்ணுக்கும் பொருள் சொல்ல வேண்டாம். ஆங்கில எழுத்தில் `polivu` என்று ஒரே விதமாகத்தான் எழுத வரும், இது பெரிய வசதி. ஆனால் அருகிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பாக மாறினால் 'போலிவு', கண்ணில் 'போலி' என்று விழும். அழகுக் கடைக்கு இதைவிடக் கெட்ட சொல் வேண்டுமா? ஆங்கிலத்தில் எழுதும்போது முதல் நான்கு எழுத்துக்கு ஒரு நிறம், மற்ற இரண்டுக்கு வேறு நிறம் என்று டிசைன் செய்பவர் அழகு பார்த்தாலும் இதே விபத்துதான். டிசைனைக் கையில் வாங்கும்போது கொம்பை மட்டும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. 'பொலிவு', 'எழில்', 'அழகு' போன்றவை இந்தத் தொழிலின் பலனை நேராக வர்ணிக்கும் சொற்கள். அப்படிப்பட்ட சொற்களை ஒருவருக்கு மட்டும் வணிகச் சின்னமாகக் கொடுக்கச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு எளிதில் இடம் தராது. 'வகிடு' அப்படி நேராக வர்ணிக்கவில்லை, ஆகவே பதிவுக்கு அதன் பக்கம் வலு கூடுதல். ஒரே கடையோடு நிற்பவருக்கு இது பெரிய வித்தியாசம் இல்லை. மூன்று ஊரில் கிளை போட நினைப்பவர் இதை இப்போதே பார்க்க வேண்டும்.

ழகரம் உள்ள பெயர்களுக்கும் ஒரு விலை உண்டு. 'எழில்' என்பதை ஒருவர் `ezhil` என்று தேடுவார், இன்னொருவர் `elil` என்று. 'அழகு' என்றால் `azhagu`, `alagu`, `azhaku`. கேட்டு எழுதுகிறவர் எந்த வழியில் போவார் என்று சொல்ல முடியாது.

10 அடி முகப்பில் எத்தனை எழுத்து நிற்கும்?

போர்டு செய்பவர்களிடம் ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. எழுத்தின் உயரம் 1 இன்ச் இருந்தால் 10 அடி தூரத்தில் இருந்து வசதியாகப் படிக்கலாம். நம் கடைக்கு 10 அடி, அதாவது 120 இன்ச் அகலம். இரண்டு பக்கமும் பத்துப் பத்து இன்ச் விட்டால் எழுத்துக்கு 100 இன்ச். தமிழ் எழுத்து உயரத்தைவிட அகலம் அதிகம் எடுக்கும், 12 இன்ச் உயர எழுத்துக்கு இடைவெளியோடு சேர்த்துச் சுமாராக 15 இன்ச் வைத்துக்கொள்ளலாம். 'வகிடு சலூன்' ஆறு எழுத்து, 90 இன்ச். நடுவில் இடைவெளி 10 இன்ச். சரியாக உட்கார்ந்துவிடும், 120 அடி தள்ளி வரும்போதே படிக்கலாம்.

இதே முகப்பில் 'ஸ்ரீ ராஜா ஜென்ட்ஸ் ஹேர் டிரெஸ்ஸஸ்' என்று ஒரே வரியில் எழுதினால் பதினான்கு எழுத்து. உயரம் 5 இன்சுக்குச் சுருங்கும். 50 அடி நெருங்கினால்தான் படிக்க முடியும், பேருந்தில் போகிறவர் அதற்குள் தாண்டியிருப்பார். இதிலும் வயது வந்து நிற்கிறது. சின்ன எழுத்து முதலில் இழப்பது கண் மங்கிய பெரியவர்களைத்தான். எல்லா வயதினரையும் அழைக்கும் பெயர் என்றால் அது முதலில் குட்டையான பெயராக இருக்க வேண்டும்.

தமிழில் முதலில் எழுதுவது விருப்பத்தைப் பொறுத்த விஷயம் அல்ல. 1948-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளில் 15-ஆவது விதி அதைக் கேட்கிறது. தமிழ், ஆங்கிலம், வேறு மொழி என மூன்றும் இருந்தால் 5:3:2 என்ற விகிதம் வைத்துப் பார்ப்பது வழக்கம். நம் போர்டில் தமிழ் வரி 12 இன்ச் உயரம் என்றால் ஆங்கில வரி 7 இன்சுக்குள் நிற்கட்டும். ஆங்கிலத்தைப் பெரிதாக வைத்துவிட்டு ஓரத்தில் சின்னதாகத் தமிழ் எழுதிய போர்டை அதிகாரி வந்து கழற்றச் சொன்னால் மொத்தச் செலவும் இரண்டாவது முறை.

புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்ரிலிக்கில் வெட்டி ஒட்டும் எழுத்துகளில் மெய்யெழுத்தின் புள்ளி தனித் துண்டாக, பசையில் மட்டும் நிற்கும். இரண்டு கோடை வெயிலில் பசை காய்ந்து அதுதான் முதலில் விழும். 'ஸ்டைல்ஸ்' என்ற பெயரில் மூன்று புள்ளி இருக்கிறது, ஒன்று விழுந்தாலே 'ஸ்டைலஸ்' ஆகிவிடும். 'வகிடு', 'பொலிவு' இரண்டிலும் விழுவதற்குப் புள்ளியே இல்லை. 'சலூன்' என்பதில் ஒன்று உண்டு, அதை ஒட்டுவதோடு விடாமல் பின்னால் திருகாணி போட்டு முடுக்கச் சொல்லுங்கள்.

பதினைந்து பேரிடம் சோதனை

வீட்டாரிடம் கேட்டால் எல்லாப் பெயரும் நன்றாகத்தான் இருக்கும். கடை வரப்போகும் தெருவிலேயே பதினைந்து பேரைப் பிடியுங்கள். இருபது வயதுக்குள் ஐந்து பேர், முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் ஐந்து பேர், அறுபதைத் தாண்டியவர்கள் ஐந்து பேர். எழுதிக் காட்டக் கூடாது, போனில் ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். 'இப்படி ஒரு கடை வருது, கேள்விப்பட்டீங்களா?' என்று ஆரம்பித்து மூன்றே கேள்வி. என்ன பெயர் சொன்னேன், திருப்பிச் சொல்லுங்கள். என்ன கடை என்று நினைக்கிறீர்கள்? அங்கே சாதா கட்டிங் எவ்வளவு இருக்கும்?

மூன்றாவது கேள்விதான் உண்மையைக் கொண்டுவரும். 'வகிடு ஸ்டூடியோ' என்று பாதிப் பேரிடமும் 'வகிடு சலூன்' என்று மறுபாதியிடமும் சொல்லிப் பாருங்கள், பெரியவர்கள் சொல்லும் விலை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். நீங்கள் வாங்கப்போகும் விலையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் அவர்கள் சொன்னால் அந்தப் பெயர் அவர்களை வெளியே நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வயதுக் குழுவில் ஐந்தில் இரண்டு பேர் பெயரைத் தப்பாகத் திருப்பிச் சொன்னால் விட்டுவிடுங்கள். மறுநாள் கூப்பிட்டு 'நேத்து ஒரு பேரு சொன்னேனே' என்று கேட்டு நினைவில் நிற்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

எதை எந்த வரிசையில் செய்வது

பெயர் முடிவானதும் போர்டுக்கு ஓடுவதுதான் பொதுவான தவறு. முதலில் `ipindia.gov.in` தளத்தில் வணிகச் சின்னத் தேடலுக்குப் போய், 44-ஆம் வகுப்பில் அந்தப் பெயரைத் தேட வேண்டும். முடிதிருத்தல், அழகுப் பராமரிப்புச் சேவைகள் அந்த வகுப்பில்தான் வரும். அதே எழுத்தைத் தேடுவதோடு நிறுத்தாமல் ஒலியை வைத்துத் தேடும் வழியிலும் பாருங்கள், ஏனென்றால் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதும் தகராறுக்குப் போதும். சொந்தமாக எண்ணெய், கிரீம் விற்கும் எண்ணம் இருந்தால் 3-ஆம் வகுப்பையும் பாருங்கள்.

எண் கணிதம் பார்க்கும் குடும்பம் என்றால் அதை இந்த நேரத்திலேயே முடித்துவிடுங்கள். கடை திறந்த பிறகு ஒரு எழுத்தைக் கூட்டி `vagiduu` என்று மாற்றினால், தேடுகிறவர் பழைய எழுத்தில் தேடிக்கொண்டே இருப்பார். கூட்டிய எழுத்துதான் வேண்டும் என்றால் தொடக்கத்திலிருந்தே எல்லா இடத்திலும் அதையே வையுங்கள், தமிழ் எழுத்தை மட்டும் தொடாதீர்கள்.

அடுத்தது இன்ஸ்டாகிராம் பெயர். 30 எழுத்துக்குள் இருக்க வேண்டும். `vagidusalon` என்பதை முதன்மையாக எடுத்துக்கொண்டு, `vagudusalon`, `vakidusalon` இரண்டையும் காலிக் கணக்காகத் திறந்து, 'எங்கள் பக்கம் இது' என்று ஒரு வரி போட்டு வையுங்கள். மூன்று விதமாக எழுதும் சிக்கலுக்கு இதுதான் மலிவான தீர்வு. கூகுள் வரைபடத்தில் போர்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பெயராகப் போடுங்கள். 'வகிடு சலூன் பெஸ்ட் ஹேர் கட் பொள்ளாச்சி' என்று நீட்டுவது கூகுளின் விதிக்கு மாறானது, புகார் போனால் பக்கமே முடங்கும். முடிவெட்டு, ஷேவிங், டை ஆகியவற்றைச் சேவைப் பட்டியலில் எழுத அங்கே தனி இடம் இருக்கிறது.

பிறகு சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு, அதற்குக் கட்டணம் கிடையாது. அதன் பிறகு வங்கியில் நடப்புக் கணக்கு. கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் வாடிக்கையாளர் போனில் வருவது வங்கிக் கணக்கோடு சேர்ந்த பெயர். போர்டில் ஒன்று, போனில் ஒன்று வந்தால் பெரியவர்கள் அங்கேயே விரலை நிறுத்திவிடுவார்கள். 'தம்பி, வேற யாரோ பேரு வருதே' என்று கேட்காத நாள் இருக்காது. இந்தப் பெயர்கள் எல்லாம் ஒன்றாக வந்த பிறகு போர்டுக்கு முன்பணம் கொடுக்கலாம்.

போர்டிலோ கண்ணாடிக் கதவிலோ பெயருக்குக் கீழே 'அனைத்து வயதினருக்கும்' என்று எழுதுவது வீண், அதைப் படித்து யாரும் உள்ளே வருவதில்லை. அதற்குப் பதில் கண் உயரத்தில் மூன்று வரி எழுதுங்கள். சாதா கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு, சிறுவர் கட்டிங் இவ்வளவு. பார்லரில் புருவம், ஃபேஷியல், டை. எழுத்து 2 இன்சுக்குக் குறையாமல் இருக்கட்டும். பெயர் எவ்வளவு புதுசாக இருந்தாலும் தாத்தாவின் விலைக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

அப்பா நடத்திய கடையை மகன் எடுத்துப் பெயர் மாற்றும் சந்தர்ப்பம் மட்டும் வேறு. அங்கே பழைய பெயரை ஒரே நாளில் கழற்றினால், கடை கைமாறிவிட்டது என்று நினைத்துப் பழைய வாடிக்கையாளர்கள் கலைந்துபோவார்கள். புதுப் போர்டில் 'வகிடு சலூன்' என்று எழுதி, அதன் கீழே சின்ன வரியாக 'ராஜா சலூன், அதே இடம், அதே கைகள்' என்று ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும். கூகுள் வரைபடத்திலும் புதிதாக ஒரு பக்கம் திறக்காமல் பழைய பக்கத்திலேயே பெயரைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் சேர்ந்திருக்கும் மதிப்புரைகள் எல்லாம் பழைய பெயரோடு போய்விடும். அப்பா வேலை செய்த நாற்காலியில் வாரத்தில் இரண்டு நாளாவது அப்பாவே நின்றால், அந்தச் சின்ன வரியை எடுக்கும் நாளை வாடிக்கையாளர்களே கவனிக்க மாட்டார்கள்.